பெருக்கினால் சரியாக வருகிறது, ஆனாலும் விடை தவறு: பகாக் காரணிச் சரிபார்ப்பு பற்றி என் நீண்ட கால அனுபவம்

கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பல வருடமாகக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். தமிழ் வழிப் பிள்ளைகளும் மலையாள வழிப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்காருவார்கள். கோபாலபுரம் செக்போஸ்டைத் தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வருகிறவர்களும் உண்டு. பாடப் புத்தகம் எதுவாக இருந்தாலும், பகாக் காரணிப்படுத்தலில் எல்லோருக்கும் நான் ஒரே வழக்கத்தைத்தான் பழக்குகிறேன். விடை வந்ததும் இரண்டு வேலை செய்ய வேண்டும். முதலில் காரணிகளையெல்லாம் பெருக்கிப் பழைய எண் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் ஒவ்வொரு காரணியும் உண்மையிலேயே பகா எண்தானா என்று பார்க்க வேண்டும். இத்தனை காலம் புழங்கிய பிறகு இந்த முறை எங்கே கைகொடுக்கிறது, எங்கே ஏமாற்றும் என்று எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

முதல் வேலையைப் பிள்ளைகள் விரும்பிச் செய்வார்கள். இரண்டாவதைத்தான் விட்டுவிடுவார்கள். "டீச்சர், பெருக்கிப் பார்த்தேன், சரியா வருது" என்று நோட்டை நீட்டும்போது உண்மையில் பாதி வேலைதான் முடிந்திருக்கும். அதைக் காட்ட நான் வழக்கமாகக் கொடுக்கும் எண் 9282. ஒரே வகுப்பில் இதற்கு மூன்று விதமான விடை வரும்.

2 × 3 × 7 × 221
2 × 3 × 13 × 119
2 × 3 × 17 × 91

மூன்றையும் பெருக்கிப் பாருங்கள், மூன்றுமே 9282தான். 42 × 221, 78 × 119, 102 × 91 என்று சேர்த்தால் சட்டென்று தெரிந்துவிடும். ஆனால் ஓர் எண்ணைப் பகா எண்களாக உடைக்க ஒரே ஒரு வழிதான் உண்டு, வரிசை வேண்டுமானால் மாறலாம். ஆகவே ஒன்றுக்கொன்று வேறுபடும் இந்த மூன்றில் அதிகபட்சம் ஒன்றுதான் சரியாக இருக்க முடியும். இங்கே ஒன்றுகூடச் சரியில்லை. 221 என்பது 13 × 17, 119 என்பது 7 × 17, 91 என்பது 7 × 13. உடைத்து முடித்தால் மூவரும் 2 × 3 × 7 × 13 × 17 என்ற ஒரே இடத்துக்கு வந்து சேருவார்கள். கரும்பலகையில் மூன்று விடையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கேட்டால், பெருக்கிப் பார்ப்பது மட்டும் ஏன் போதாது என்பதை நான் விளக்கவே வேண்டியதில்லை.

"உடைக்காம விட்டா என்ன டீச்சர், பெருக்கினா அதேதானே வருது?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். நல்ல கேள்வி. 9282, 1170 இரண்டுக்கும் மீ.பொ.கா. கண்டுபிடிக்கச் சொல்வேன். 1170 என்பது 2 × 3² × 5 × 13. இரண்டிலும் பொதுவாக இருப்பது 2, 3, 13. ஆக மீ.பொ.கா. 78. 221ஐ உடைக்காமல் விட்டவருக்கு 13 கண்ணில் படவே படாது, அவர் 6 என்று எழுதுவார். மீ.சி.ம.வும் கூடவே கெடும். சரியான விடை 1,39,230. அவருக்கு வருவது 18,09,990, அதாவது சரியாக 13 மடங்கு.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. மீ.பொ.கா.வையும் மீ.சி.ம.வையும் பெருக்கினால் அந்த இரண்டு எண்களின் பெருக்கல் பலன் வர வேண்டும் என்று ஒரு சரிபார்ப்பு உண்டு, பிள்ளைகள் அதை ரொம்ப நம்புவார்கள். இங்கே 6 × 18,09,990 என்பது 1,08,59,940. 9282 × 1170 என்பதும் அதேதான். மீ.பொ.கா.வில் தொலைந்த 13 மீ.சி.ம.வில் கூடுதலாக உட்கார்ந்துவிட்டதால் கணக்கு நேராகிவிட்டது. இரண்டு பெருக்கல் சோதனையையும் தாண்டி வந்த தவறு இது. 221ஐ எடுத்து, இது பகா எண்தானா என்று கேட்டிருந்தால் அங்கேயே அகப்பட்டிருக்கும்.

சரி, எப்படிக் கேட்பது? மிச்சமாக நிற்கும் எண்ணின் வர்க்கமூலம் வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். ஓர் எண் இரண்டு காரணிகளாக உடையுமானால் அந்த இரண்டுமே ஒருசேர வர்க்கமூலத்தைவிடப் பெரிதாக இருக்க முடியாது, பெருக்கினால் எண்ணைத் தாண்டிப் போய்விடும். 221க்கு 14² = 196, 15² = 225. எனவே 14 வரை பார்க்க வேண்டும். அதாவது 2, 3, 5, 7, 11, 13. ஏழால் வகுத்தால் மீதி 4, பதினொன்றால் வகுத்தால் மீதி 1, பதிமூன்றால் வகுத்தால் மீதியில்லாமல் 17. கடைசியாகப் பார்க்க வேண்டிய எண்ணில்தான் உடைகிறது. "ஏழு வரை பார்த்தேன், போகல" என்று நிறுத்துகிறவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள்.

எல்லை எண்ணை விட்டுவிடுவதும் அடிக்கடி நடக்கும். 323க்கு 18² = 324 என்று பார்த்துவிட்டு, பதிமூன்றோடு நிறுத்திப் பகா எண் என்று எழுதுவார்கள். பதினெட்டுக்குள் 17 இருக்கிறதே! 323 = 17 × 19. 289இல் வர்க்கமூலமே 17. "வரை" என்றால் அந்த எண்ணும் சேர்த்துத்தான் என்று 17 × 17 செய்து காட்டினால் மறக்க மாட்டார்கள்.

நடைமுறையில் இந்தப் படி நான் முதலில் பயந்த அளவுக்கு நேரம் எடுப்பதில்லை. பள்ளிக் கணக்கில் 2, 3, 5, 7 நான்காலும் வகுத்து முடித்த பின் நிற்கும் மிச்சம் 121க்குக் கீழே இருந்தால் (1 தவிர) அது கட்டாயம் பகா எண்தான், மேலே யோசிக்க வேண்டாம். 200 வரை போனாலும் இந்த நான்கு எண்களிடமிருந்து தப்பிக்கும் பகு எண்கள் 121, 143, 169, 187 மட்டுமே. இந்த நான்கையும் பிள்ளைகள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருப்பார்கள். உண்மையான தொல்லை ஏழால்தான். 2, 3, 5க்குப் பார்த்தவுடன் சொல்ல வழி தெரியும், ஏழுக்கு உட்கார்ந்து வகுக்க வேண்டும். அதனால்தான் 91, 119, 133 மூன்றும் விடைத்தாளில் பகா எண் வேஷம் போட்டு நிற்கின்றன.

விடையில் 1ஐச் சேர்த்து எழுதும் பழக்கமும் இந்த இரண்டாவது படியில்தான் பிடிபடும். வகுத்துக்கொண்டே போய்க் கடைசியில் 1 வந்து நிற்கிறதே, அதையும் காரணி என்று நினைத்து எழுதிவிடுவார்கள். எத்தனை ஒன்றைச் சேர்த்தாலும் பெருக்கல் பலன் மாறாது, பெருக்கலுக்கு அது தெரியவும் தெரியாது. 1 பகா எண் இல்லை.

இனி முதல் படியின் பலவீனம். ஒரு பிள்ளை 9282ஐ 9828 என்று எழுதிக்கொண்டு தொடங்கினால் 2² × 3³ × 7 × 13 என்று அழகாக முடிப்பாள். எல்லாமே பகா எண்கள், பெருக்கினாலும் 9828 பிசகாமல் வரும். நோட்டில் தவறு எங்கேயும் தெரியாது. இலக்கங்களைக் கூட்டிப் பார்க்கும் குறுக்கு வழியையும் நோட்டில் உள்ள எண்ணை வைத்தே செய்தால் உதவாது, அதற்கும் பெருக்கி வந்ததற்கும் கூட்டுத்தொகை 27தான். அதனால் பெருக்கி வந்த எண்ணைத் தன் நோட்டின் முதல் வரியோடு ஒப்பிடக் கூடாது, வினாத்தாளைத் திரும்ப எடுத்து அதில் அச்சடித்திருக்கும் எண்ணோடு ஒப்பிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்வேன். இன்னொன்று, வகுத்த ஏணியில் கீழிருந்து மேலே ஏறிப் பெருக்குவது சரிபார்ப்பே இல்லை. ஏற்கெனவே எழுதிய 221, 1547, 4641 கண்முன்னே இருப்பதால் கை அதையே எழுதிவிடும். காரணிகளைக் கலைத்துப் போட்டு, 7 × 13 = 91, 2 × 3 × 17 = 102, அப்புறம் 91 × 102 என்று புதிதாகச் செய்தால்தான் உண்மையான சோதனை.

எண் பெரிதானால் இரண்டு படிக்கும் நடுவே உள்ள வித்தியாசமும் பெரிதாகிறது. 2⁶⁷ − 1 பகா எண் இல்லை என்று லூக்கா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் 1876இலேயே காட்டிவிட்டார், காரணிகள் என்னவென்றுதான் தெரியவில்லை. 1903இல் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் 193707721 × 761838257287 என்ற பெருக்கலைச் செய்து காட்டி அதே எண் வருவதை நிறுவினார். பெரிய எண்தான், ஆனாலும் பொறுமை இருந்தால் நம் பத்தாம் வகுப்புப் பிள்ளையும் அந்தப் பெருக்கலைத் தாளில் போட்டுச் சரிபார்க்கலாம். அந்த இரண்டாவது காரணி பகா எண்தான் என்று நம் முறையில் பார்ப்பது வேறு வேலை. அதன் வர்க்கமூலம் எட்டு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேலே. அத்தனை தூரம் உள்ள பகா எண்களால் கையால் வகுக்க ஒருவராலும் ஆகாது.

அதனால் என் பரிந்துரைக்கு ஓர் எல்லை உண்டு. மிச்சம் ஆயிரத்துக்குள் இருந்தால் அதிகபட்சம் 31 வரை பதினோரு பகா எண்கள்தான், கையாலேயே செய்யுங்கள். அதற்கு மேலே கணினி போதும். கேரளப் பள்ளிகளின் கணினி அறையில் லினக்ஸ் இருப்பதால் எங்கள் பிள்ளைகளுக்கு இது சுலபம், டெர்மினலில் ஒரு வரி:

```
$ factor 9282
9282: 2 3 7 13 17
```

கேள்வித்தாள் தயாரிக்கும்போது நானும் இதைத்தான் பயன்படுத்துகிறேன். சில சயின்டிபிக் கால்குலேட்டர்களிலும் காரணிப்படுத்தும் வசதி இருக்கிறது. ஆனால் அவற்றில் ஒரு காரணி அடைப்புக்குறிக்குள் வந்தால், அது இன்னும் உடையலாம் என்று அர்த்தம். 4104676 என்று போட்டு 2² × (1013²) போல ஏதாவது வந்தால் அதை அப்படியே எழுதிவிடாமல் 1013 பகா எண்தானா என்று தனியாகப் பாருங்கள். 31 × 31 = 961, 32 × 32 = 1024, ஆக இதற்கும் 31 வரை வகுத்தால் போதும், எதிலும் போகாது.

தேர்வில் நேரம் குறைவாக இருந்து இரண்டில் ஒன்றுக்குத்தான் இடம் என்றால், கூட்டல் வகுத்தலில் கை தடுமாறும் பிள்ளைக்குப் பெருக்கிப் பார்க்கச் சொல்வேன். கணக்கில் சுத்தமாக இருந்து அவசரப்படும் பிள்ளைக்கு, வரிசையில் கடைசியாக நிற்கும் பெரிய காரணியை மட்டும் ஏழு, பதினொன்று, பதிமூன்றால் வகுத்துப் பார்க்கச் சொல்வேன்.