பாவித்த ஸ்விட்ச் வாங்கி மூன்று வருடம்: அன்று எதைப் பார்த்தேன், எது தப்பியது

2022 நடுப்பகுதியில் மட்டக்களப்பில் ஒருவரிடம் பாவித்த நிண்டெண்டோ ஸ்விட்ச் கேம் மெஷின் ஒன்றை வாங்கினேன். மின்வெட்டு நேரம். அவர் வீட்டில் ரூட்டரும் இல்லை, டிவியும் இல்லை. மெஷினை எடுத்துக் கையில் தந்தார், கேம் ஓடியது, திரையில் கீறல் இல்லை. காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். கல்லடிக்குத் திரும்பி, இரவு கரண்ட் வந்த பிறகு மகளின் கணக்கைச் சேர்த்து, நிண்டெண்டோவின் இணையக் கடையான ஈஷாப்பைத் திறந்தபோது திரையில் வந்தது 2124-4007 என்ற எண். அந்த மெஷினை நிறுவனமே தன் இணைய சேவைகளிலிருந்து தடுத்து வைத்திருக்கிறது என்பதுதான் அதன் அர்த்தம். வாங்கிய இடத்தில் கேட்டால், "எனக்குத் தெரியாது, வேலை செய்ததைத்தானே பார்த்தீங்க" என்றார். காசு திரும்பவில்லை.

அந்த வருடம் டிசம்பரில் அக்கரைப்பற்றில் ஒரு தம்பியிடம் இரண்டாவது ஸ்விட்சை வாங்கினேன். அதுதான் இன்றுவரை வீட்டில் ஓடுகிறது. அன்று அவர் வீட்டில் ஒன்றரை மணி நேரம் இருந்து பார்த்த விஷயங்களையும், இத்தனை நாள் பாவித்த பிறகு அவற்றில் எது உண்மையில் உதவியது என்பதையும் எழுதுகிறேன்.

போவதற்கு முன்பே போனில் இரண்டு விஷயம் கேட்டேன். ஒன்று, பின்பக்கம் அச்சாகியிருக்கும் மாடல் எண்ணின் படம். அதில் HAC-001 என்று மட்டும் இருந்தால் 2017இல் வந்த முதல் வகை. HAC-001(-01) என்று இருந்தால் 2019இல் மாற்றி விட்ட வகை. வெளியில் பார்க்க இரண்டும் ஒன்றுதான், ஆனால் முதல் வகையின் பற்றரி நிறுவனக் கணக்கில் இரண்டரை முதல் ஆறரை மணி நேரம், அடுத்தது நாலரை முதல் ஒன்பது மணி நேரம். விலை பேசும்போது இந்த வித்தியாசம் பெரிது. இரண்டாவது, "நான் வரும்போது சார்ஜ் முழுசா வேணாம் தம்பி, 60, 70 அளவில விட்டு வைங்க" என்றேன். 100 சதவீதத்தில் வைத்திருக்கும் மெஷினில் சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்க முடியாது.

போனதும் முதலில் பார்த்தது தடை இருக்கிறதா என்பதைத்தான். என் போனில் ஹொட்ஸ்பொட் போட்டு மெஷினை இணைத்தேன், அவருடைய கணக்கிலேயே ஈஷாப்பைத் திறக்கச் சொன்னேன். திறந்தது. பிறகு புதிய பயனர் ஒருவரைச் சேர்த்து என் கணக்கை இணைத்து மறுபடியும் திறந்தேன். இங்கே ஒரு விஷயத்தை வடிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். இந்தத் தடை விழுவது கணக்கின் மீதல்ல, மெஷினின் மீது. எல்லாவற்றையும் அழித்துப் புதிதுபோல் ஆக்கினாலும் அது போகாது. கள்ளக் கேம் போடுவதற்காக மெஷினை மாற்றியமைத்து, அதோடு இணையத்துக்குப் போனவர்களின் மெஷின்கள்தான் பெரும்பாலும் இப்படி மாட்டுகின்றன. வைஃபை பிடிக்கிறது, கேம் ஓடுகிறது என்பதெல்லாம் சாட்சி இல்லை. ஈஷாப் திறக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதோடு சேர்ந்த இன்னொன்று. "உள்ள 30 கேம் இருக்கு, எல்லாம் சேர்த்துத்தான் விலை" என்று ஒருவர் சொன்னால் அங்கே கொஞ்சம் நில்லுங்கள். முறைப்படி இணையத்தில் வாங்கிய கேம் வாங்கியவரின் கணக்கோடு போய்விடும், உங்களுக்கு வராது. அது கேம் கார்ட் இல்லாமல் அப்படியே உங்கள் கைக்கு வரும் என்றால் மெஷின் மாற்றியமைக்கப்பட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். நான் அன்று பின்பக்க மூடியில் உள்ள நான்கு ஸ்க்ரூக்களையும் போன் டோர்ச் அடித்துப் பார்த்தேன். அவை மூன்று கால் வெட்டு உள்ளவை. தலை தேய்ந்திருந்தாலோ, அந்த இடத்தில் சாதாரண நட்சத்திர ஸ்க்ரூ இருந்தாலோ யாரோ திறந்திருக்கிறார்கள். திறந்ததே குற்றமில்லை, பற்றரி மாற்றவும் திறக்கலாம். ஆனால் ஏன் திறந்தது என்று கேட்கத்தான் வேண்டும். System Settings > System > Serial Information என்ற இடத்தில் காட்டும் எண்ணும் கீழ் விளிம்பில் ஒட்டியிருக்கும் லேபிளில் உள்ள எண்ணும் ஒன்றா என்றும் ஒப்பிட்டேன். வேறாக இருந்தால் வேறு மெஷினின் கூட்டுக்குள் இந்த மின்சுற்றுப் பலகையைப் போட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

அடுத்தது சார்ஜ் ஏறும் துளை. நம் பக்கம் வீட்டுக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக் காற்று முதலில் கடிப்பது இந்தத் துளையைத்தான். கீழே உள்ள துளைக்குள் வெளிச்சம் அடித்தால் நடுவில் நாக்கு மாதிரி மெல்லிய தகடு ஒன்று தெரியும், அதன் இரு முகத்திலும் பொன்னிறக் கோடுகள் வரிசையாக இருக்கும். நான் பார்த்த மெஷினில் கோடுகள் பளிச்சென்று இருந்தன, ஒரு மூலையில் மட்டும் துணிப் பஞ்சு. பச்சையாகவோ வெள்ளையாகவோ பொரிந்திருந்தால், ஏதாவது ஒரு கோடு கறுத்திருந்தால், அந்த மெஷினை வாங்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

துளை சுத்தமாக இருந்தாலும் உள்ளே இருக்கும் சார்ஜ் சிப் அடிபட்டிருக்கலாம். ஸ்விட்சில் அடிக்கடி போகும் பாகங்களில் அது ஒன்று, மட்டமான சார்ஜரும், மெஷினை டிவியோடு இணைக்கும் டொக்கின் போலியும் அதைக் கொல்லும். போனவர் கையில் மீட்டர் இல்லாமலே இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது: டொக்கில் வைத்து டிவியில் படம் வர வைப்பது. டிவிக்குப் படம் போக வேண்டும் என்றால் மெஷினும் டொக்கும் சார்ஜரும் ஒன்றோடொன்று பேசி 15 வோல்டுக்கு ஏற வேண்டும். துளையின் கோடுகளில் ஒன்று போயிருந்தாலும், சிப் பழுதாக இருந்தாலும், டொக் போலியாக இருந்தாலும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்ளும். அதனால் மின்வெட்டு நேரத்தில் போகாதீர்கள், டிவி இருக்கும் வீட்டுக்குப் போங்கள். சார்ஜரின் மேல் HAC-002 என்றும் 15V, 2.6A என்றும் அச்சாகியிருக்க வேண்டும். சாதாரண போன் சார்ஜரைக் குத்தினால் சார்ஜ் ஏறக்கூடும், ஆனால் டிவியில் படம் வராது.

பற்றரிக்கு அரை மணி நேரம் ஒதுக்கினேன். மெஷினைக் கண்ணாடி மேசையில் திரை கீழாகவும் பிறகு திரை மேலாகவும் வைத்து ஆடுகிறதா என்று பார்த்தேன். பற்றரி வீங்கியிருந்தால் பின்மூடியோ திரையோ ஓரத்தில் எழும்பி நிற்கும். பிறகு என் சொந்த கார்ட்டைப் போட்டு, வெளிச்சத்தை முழுதாகக் கூட்டி, பாரமான கேம் ஒன்றை 30 நிமிடம் ஓட விட்டேன். 64இல் தொடங்கியது 51இல் நின்றது. 13 சதவீதம். அந்த வேகத்தில் 100 தீர்ந்து முடிய ஏறக்குறைய 230 நிமிடம், அதாவது நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. இந்த 2019 வகை மெஷின் புதியதாக இருக்கும்போதே பாரமான கேமுக்கு நாலரை மணி நேரம்தான் என்பதால் இது நல்ல எண். அரை மணி நேரத்தில் 20க்கு மேல் விழுந்திருந்தால் பற்றரியின் பாதி போய்விட்டது என்று சொல்லி விலையைக் குறைத்திருப்பேன்.

அந்த அரை மணி நேரத்துக்குள்ளேயே கட்டைவிரலால் அசைக்கும் ஸ்டிக்கையும் பார்க்கலாம். System Settings > Controllers and Sensors > Calibrate Control Sticks என்ற இடத்துக்குப் போய் ஸ்டிக்கை அழுத்தினால் ஒரு வட்டமும் நடுவில் ஒரு குறியும் வரும். கையை எடுத்த பிறகும் குறி நகர்ந்தால் உள்ளே கரிப் பூச்சு தேய்ந்திருக்கிறது. இரண்டு முறை பார்த்தேன், போன உடனே ஒரு தடவை, கிளம்பும்போது ஒரு தடவை. இந்தக் குறை சூடான பிறகும் வரும், போகும்.

கடைசியில் அவர் கையாலேயே System > Formatting Options > Initialize Console செய்ய வைத்தேன். பெற்றோர் கட்டுப்பாட்டுக்கு இலக்கம் போட்டிருந்தால் அதைக் கேட்கும், அந்த இலக்கம் விற்பவருக்கே மறந்திருக்கலாம். இது உங்கள் வீட்டில் வைத்துத் தெரியவரக் கூடாது. முடிந்ததும் மறுபடி ஒருதரம் ஈஷாப். அதன் பிறகுதான் காசு. "அண்ணன், இவ்வளவு பார்த்து வாங்கினவங்களை நான் காணல்ல" என்றார் அந்தத் தம்பி, முகம் கோணாமல் தேத்தண்ணீரும் தந்தார்.

இனி பாவித்த கதை. சார்ஜ் துளையும் டொக்கும் இன்றுவரை ஒரு நாளும் தொந்தரவு தரவில்லை. இடது ஸ்டிக் பதினான்கு மாதத்தில் தானாக நகரத் தொடங்கியது. அதை எந்தச் சோதனையும் முன்கூட்டிச் சொல்லியிருக்காது, வாங்கும் விலையோடு ஒரு ஸ்டிக் மாற்றும் செலவையும் சேர்த்துக்கொள்வதே சரி. காத்தான்குடியில் போன் திருத்தும் ஒருவர் அரை மணி நேரத்தில் மாற்றித் தந்தார். பற்றரி இப்போது அதே கேமுக்கு, அதே வெளிச்சத்தில், அரை மணி நேரத்துக்கு 17 அல்லது 18 விழுகிறது. மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. பெரும்பாலும் டிவியில் விளையாடுவதால் இன்னும் மாற்றவில்லை.

நான் தவறவிட்டது காற்றாடியை. அக்கரைப்பற்று வீட்டில் தலைக்கு மேல் சீலிங் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, வாசலில் பிள்ளைகள். மெஷினின் சத்தம் காதில் விழவே இல்லை. முதல் மாரி மழைக் காலத்தில், எல்லாச் சன்னலும் மூடிய ஒரு இரவில்தான் மேல் துவாரத்திலிருந்து கரகரவென்று உரசும் சத்தம் கேட்டது. திறந்து பார்த்தபோது தூசியும் ஈரமும் சேர்ந்து இதழ்களில் பசைபோல் படிந்திருந்தது. சுத்தம் செய்தும் சத்தம் முழுதாகப் போகவில்லை, கடைசியில் காற்றாடியையே மாற்றினேன். இப்போது யாராவது கேட்டால், சீலிங் ஃபேனை இரண்டு நிமிடம் நிறுத்தச் சொல்லி, டிவியில் ஓடி மெஷின் சூடான பிறகு மேல் துவாரத்தில் காதை வைத்துக் கேளுங்கள் என்கிறேன்.

போன மாதம் தங்கச்சி மகனுக்கு ஸ்விட்ச் லைட் ஒன்று பார்க்கக் கல்முனைக்குப் போனோம். லைட்டில் டிவிக்குப் படம் போகாது, அதனால் டொக் சோதனை கிடையாது. சார்ஜரைக் குத்தி 20 நிமிடத்தில் சதவீதம் ஏறுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். ஸ்டிக்கும் உடம்போடு சேர்ந்தது, பழுதானால் மெஷினையே திறக்க வேண்டும் என்பதால் அதை இன்னும் கவனமாகப் பார்த்தோம். எல்லாம் சரியாக இருந்தது. இணையத்தில் போட வேண்டும் என்றதும், "அதெல்லாம் வீட்ட போய்ப் பாருங்க" என்றார் விற்றவர். மருமகன் என் முகத்தைப் பார்த்தான். மெஷினை மேசையில் வைத்துவிட்டு மட்டக்களப்பு பஸ் ஏறினோம்.