கடைசி ஓவரில் எது: காலடி யார்க்கரா, வைட் யார்க்கரா?

2 பந்தில் 8 ஓட்டம் வேணும். திருகோணமலையில் பந்துவீசும் தம்பிமார் குழம்புவது இங்கேதான்.

பிழைத்தால் என்ன செலவு?
வைட் யார்க்கர்: கோட்டைத் தாண்டினால் 1 ஓட்டம், பந்தைத் திரும்பப் போட வேண்டும். 2 பந்தில் 7.
காலடி யார்க்கர்: கை நழுவி இடுப்புக்கு மேல் ஃபுல் டாஸாகப் போனால் நோபோல். அது சிக்ஸரானால் 7 ஓட்டம் போய்விடும். 2 பந்தில் 1 போதும், அதிலும் அடுத்தது ஃப்ரீ ஹிட்.

விக்கெட்?
வைட்டில் ஸ்டம்பிங் கிடைக்கும். ஃப்ரீ ஹிட்டில் ரன் அவுட்டைத் தவிர வேறெதையும் நம்ப முடியாது; துடுப்பாட்டக்காரர் பயமின்றிச் சுழற்றுவார்.

முன்பு கால் வைப்பதில் வரும் பிழைக்கு மட்டும்தான் ஃப்ரீ ஹிட். 2015இலிருந்து ஒருநாள், டி20 சர்வதேசப் போட்டிகளில் எல்லா நோபோலுக்கும் உண்டு.

பந்து ஈரமாகி வழுக்கினால் வைட் யார்க்கர்தான் சரி, ஓஃப் எல்லையில் ஆள் நிற்க வேண்டும். துடுப்பாட்டக்காரர் முன்கூட்டியே ஓஃப் பக்கம் நகர்ந்தால் காலடிக்கே போடுங்கள்.