கட்டிய நாளிலிருந்தா, வகுப்பு தொடங்கிய நாளிலிருந்தா? ஆன்லைன் வகுப்புக்கான ரீஃபண்ட் வாசகங்கள்: ஓர் ஒப்பீடு

புதிதாக ஆன்லைன் வகுப்பு தொடங்குபவர்கள் பாடத்திட்டத்தை இழைத்து இழைத்து எழுதுவார்கள். ரீஃபண்ட் வரியை மட்டும் வேறு யாருடைய பக்கத்திலிருந்தோ எடுத்து ஒட்டிவிடுவார்கள். பெரும்பாலும் ஒட்டப்படுவது இதுதான்: "14 நாள்களுக்குள் கேட்டால் முழுப் பணமும் திருப்பித் தரப்படும்." படிக்கத் தாராளமாகத்தான் இருக்கிறது. எந்த நாளிலிருந்து 14 என்று கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

பேச்சுக்கு ஒரு வகுப்பை எடுத்துக்கொள்வோம். ஸ்ப்ரெட்ஷீட் கற்றுத்தரும் லைவ் வகுப்பு. ஆறு வாரம், சனி, ஞாயிறு மாலை, மொத்தம் 12 வகுப்புகள். சேர்க்கை மே 16 அன்று திறக்கிறது. முதல் வகுப்பு ஜூன் 6 சனிக்கிழமை, கடைசி வகுப்பு ஜூலை 12. கணக்குக்கு வசதியாகக் கட்டணத்தை 100 என்று வைத்துக்கொள்ளலாம். இதற்கு மூன்று விதமாக ரீஃபண்ட் எழுதலாம்: நாள் கணக்கு, வகுப்புக் கணக்கு, பலன் கணக்கு.

நாள் கணக்கு

பணம் கட்டிய நாளிலிருந்து 14 நாள் என்பது எழுதவும் எளிது, சரிபார்க்கவும் எளிது. பேமென்ட் கேட்வேயில் தேதி இருக்கிறது, வாதாட இடமில்லை. ஆனால் நம் வகுப்பில் இது என்ன செய்கிறது என்று பாருங்கள்.

| பணம் கட்டிய நாள் | கெடு முடியும் நாள் | அதற்குள் நடக்கும் வகுப்புகள் |
|---|---|---|
| மே 16 | மே 30 | ஒன்றுமில்லை |
| மே 27 | ஜூன் 10 | 2 |
| ஜூன் 5 | ஜூன் 19 | 4 |

சேர்க்கை திறந்த அன்றே நம்பிப் பணம் கட்டியவருக்கு முதல் வகுப்புக்கு ஒரு வாரம் முன்பே கதவு மூடிவிடுகிறது. வகுப்புக்கு முந்தின நாள் ஓடிவந்து சேர்ந்தவரோ நான்கு வகுப்புகளைக் கேட்டுவிட்டு, அதாவது பாடத்தில் மூன்றிலொரு பங்கை வாங்கிக்கொண்டு, முழுப் பணத்தோடு வெளியேறலாம். முன்கூட்டிச் சேர்பவருக்குச் சலுகை தருகிறோம் என்று ஒரு பக்கம் விளம்பரம் செய்துவிட்டு, இன்னொரு பக்கம் அவரிடமிருந்தே உரிமையைப் பறிக்கிற வரி இது. எழுதியவருக்கே இது தெரிந்திருக்காது என்பதுதான் வேடிக்கை.

இதே வரி, பதிவுசெய்த பாடங்களை விற்கும் வகுப்புக்குச் சரியாகவே பொருந்தும். அங்கே பணம் கட்டிய நிமிடமே எல்லாப் பாடமும் திறந்துவிடுகிறது. அதனால் பணத்தின் கடிகாரமும் படிப்பின் கடிகாரமும் ஒன்றாகவே ஓடுகின்றன. அங்குள்ள ஆபத்து வேறு: இரண்டே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் பணத்தைக் கேட்பவர்கள். உடெமி போன்ற பெரிய தளங்கள் 30 நாள் கெடு தந்தாலும், பாடத்தின் பெரும்பகுதியைப் பார்த்துவிட்டவர்களுக்கும் தரவிறக்கிக்கொண்டவர்களுக்கும் மறுக்கும் உரிமையை வைத்துக்கொள்வது இதனால்தான். தனியாக நடத்துபவர் "பாடங்களில் கால்பங்குக்கு மேல் பார்க்காதிருந்தால்" என்று அளவைச் சொல்லிவிடுவது நல்லது. "நியாயமான அளவு" என்று எழுதினால் எது நியாயம் என்று ஒவ்வொரு முறையும் பேச வேண்டிவரும்.

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து மாணவர்கள் சேர்ந்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2011இல் வந்த நுகர்வோர் உரிமை ஆணையின்படி, இணையத்தில் வாங்கியவருக்கு ஒப்பந்த நாளிலிருந்து 14 நாள் விலகும் உரிமை பொதுவாக உண்டு. அந்தக் கெடு முடிவதற்குள் சேவையைத் தொடங்கும்படி வாங்கியவரே வெளிப்படையாகக் கேட்டிருந்தால், நடந்த பங்குக்கு மட்டும் கட்டணம் பிடிக்கலாம். இந்த உரிமையை உங்கள் வாசகம் குறைக்க முடியாது, கூட்டலாம்.

வகுப்புக் கணக்கு

லைவ் வகுப்புக்கு என் ஓட்டு இதற்குத்தான். பணம் எப்போது கட்டியிருந்தாலும் சரி, முதல் இரண்டு வகுப்புகளைப் பார்த்துவிட்டு விலகலாம் என்பது ஏற்பாடு. மே 16இல் சேர்ந்தவருக்கும் ஜூன் 5இல் சேர்ந்தவருக்கும் ஒரே உரிமை.

ஆனால் "இரண்டு வகுப்புகளுக்குப் பிறகு" என்று மட்டும் எழுதினால் போதாது. ஒருவர் இரண்டாம் வகுப்புக்கு வரவில்லை, ரெக்கார்டிங்கைப் புதன்கிழமைதான் பார்த்தார் என்றால் அவருக்குக் கெடு எப்போது? அவர் "நான் இன்னும் இரண்டாம் வகுப்பை முடிக்கவில்லை" என்பார், அவர் சொல்வதிலும் தப்பில்லை. அதனால் வகுப்பை வைத்துக் கணக்குப் போட்டு, வாசகத்தில் தேதியாக எழுதிவிட வேண்டும்: ஜூன் 9, செவ்வாய், இரவு 9 மணி. மாணவர்கள் பல நாடுகளில் இருந்தால் எந்த நாட்டு நேரம் என்பதும் அதே வரியில் வர வேண்டும்.

இந்த முறையில் கால அட்டவணையும் ரீஃபண்டும் ஒன்றையொன்று பிடித்து இழுக்கும். முதல் வகுப்பில் அறிமுகம், இரண்டாம் வகுப்பில் மென்பொருள் நிறுவுவது, மூன்றாம் வகுப்பில்தான் உண்மையான பாடம் என்று திட்டமிட்டிருந்தால், ஜூன் 9 அன்று மாணவருக்கு எதை வைத்து முடிவெடுப்பது என்றே தெரியாது. சந்தேகம் உள்ளவர் பாதுகாப்புக்காக விலகிவிடுவார், அல்லது இருந்துவிட்டு நான்காம் வகுப்பில் சண்டை போடுவார். நிறுவும் வேலையை ஜூன் 6க்கு முன்பே ஒரு சிறு காணொளியாக அனுப்பிவிட்டு, முதல் வகுப்பிலேயே ஒரு குழப்பமான பட்டியலைக் கையில் கொடுத்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். இரண்டாம் வகுப்பில் அந்த வீட்டுப்பாடத்தைத் திருத்துங்கள். உங்கள் வேகம், உங்கள் திருத்தும் முறை, தன்னால் தாக்குப்பிடிக்க முடியுமா என்பது மூன்றும் அவருக்கு அப்போது தெரிந்துவிடும். விலகல் கோரிக்கைகள் ஜூன் 9க்குள் வராமல் மூன்றாம், நான்காம் வாரத்தில் வந்தால், பாடத்தின் கடினமான பகுதி தாமதமாக வருகிறது என்று அர்த்தம்.

பணக் கணக்கு இதில் சுலபம். 20 பேர் சேர்ந்தால் 2000. அவர்களில் 3 பேர் விலகினால் 300 திரும்பப் போகிறது. அதோடு பல பேமென்ட் கேட்வேகள் ரீஃபண்ட் கொடுத்தாலும் தங்கள் கழிவைத் திருப்பித் தருவதில்லை. கழிவு 3 சதவீதம் என்றால் 9 உங்கள் கைக்காசு. அந்த 9ஐ மாணவரிடம் பிடிப்பதென்றால் முன்பே சொல்லியிருக்க வேண்டும், ஆனால் பிடிக்காதிருப்பதே நல்லது. "முழுப் பணம்" என்று எழுதிவிட்டு 97 அனுப்பினால் அந்த 3க்காக வரும் மனக்கசப்பு 100க்குச் சமம். ஜூன் 9 வரை அந்த 2000ஐத் தொடாமல் வைத்திருந்தால் போதும், அதற்குப் பிறகு வருமானம் எவ்வளவு என்று உறுதியாகிவிடும்.

பலன் கணக்கு

"எல்லா வகுப்புக்கும் வந்து, எல்லா வீட்டுப்பாடமும் செய்தும் பலன் கிடைக்கவில்லை என்றால் பணம் வாபஸ்." விளம்பரத்தில் மிகக் கவர்ச்சியாக இருப்பது இது. சண்டை அதிகம் வருவதும் இதில்தான். காரணம், ரீஃபண்டின் பாரம் முழுவதும் 'பலன்' என்ற ஒரு சொல்லின் மேல் விழுகிறது.

பலனை "ஸ்ப்ரெட்ஷீட்டில் தன்னம்பிக்கை பெறுவீர்கள்" என்று எழுதியிருந்தால் இந்த ரீஃபண்டை நடத்தவே முடியாது. தன்னம்பிக்கை வரவில்லை என்று ஒருவர் சொன்னால் எப்படி மறுப்பீர்கள்? "1,000 வரிகள் உள்ள விற்பனைப் பட்டியலைக் கொடுத்தால், மாதவாரியான சுருக்க அறிக்கையை ஒரு மணி நேரத்துக்குள் உதவியின்றித் தயாரிப்பீர்கள்" என்று எழுதினால், கடைசி வகுப்பில் பட்டியலைக் கொடுத்துப் பார்த்துவிடலாம். வேலை கிடைக்கும், வருமானம் கூடும் என்பவை இன்னும் மோசம். அவை மூன்றாம் ஆள் கையில் இருக்கின்றன.

'எல்லா வீட்டுப்பாடமும்' என்ற நிபந்தனையும் தகராறு. ஆறு வீட்டுப்பாடங்களில் ஐந்தைச் செய்து, ஆறாவதை ஒரு நாள் தாமதமாக அனுப்பியவருக்கு மறுத்தால் விதி உங்கள் பக்கம் இருக்கும், பார்ப்பவர்கள் அவர் பக்கம் இருப்பார்கள். இந்த முறையைத்தான் எடுப்பேன் என்றால் "ஆறில் ஐந்து, ஜூலை 12க்குள்" என்று கொஞ்சம் இடம்விட்டு எழுதுங்கள். கேட்பதற்கான கெடுவையும் ஜூலை 19 என்று வைத்துவிடுங்கள். வேலை முடிந்து, செலவும் செய்த பிறகு திருப்பித் தர வேண்டிய பணம் இது என்பதால், ஒரு பங்கை அதுவரை ஒதுக்கிவைக்க வேண்டும். முதல் முறை வகுப்பு எடுப்பவருக்கு எத்தனை பேர் தேறுவார்கள் என்றே தெரியாது. அவருக்கு இது வேண்டாம் என்பேன். அதற்காகப் பலனைத் தெளிவாக எழுதும் வேலையை விட்டுவிட வேண்டியதில்லை, அதை எந்த ரீஃபண்டோடும் வைக்கலாம்.

ரீஃபண்டே கிடையாது என்று எழுதுபவர்களும் உண்டு. கட்டணம் சிறியது என்றால் சிலர் அதை ஏற்பார்கள். ஆனால் கார்டில் கட்டியவர் உங்களிடம் கேட்காமல் நேரே வங்கியில் புகார் செய்ய அது தூண்டும். அங்கே பணத்தோடு அபராதமும் போகலாம்.

எழுதும்போது

நம் வகுப்புக்கு நான் எழுதினால் இப்படி இருக்கும்:

> கட்டணம் 100. வரி உட்பட. ஒரே தவணை, அல்லது சேரும்போது 60, ஜூன் 20க்குள் 40.
>
> ஜூன் 9 செவ்வாய் இரவு 9 மணிக்குள் மின்னஞ்சல் அனுப்பினால், நீங்கள் கட்டிய தொகை முழுவதும், கட்டிய வழியிலேயே, 7 வேலை நாள்களில் திரும்ப அனுப்பப்படும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. அத்துடன் ரெக்கார்டிங் பார்க்கும் வசதி நின்றுவிடும்.
>
> அதன் பிறகு பணம் திரும்பாது. ஜூன் 28க்குள் கேட்டால் அடுத்த பேட்சுக்கு ஒருமுறை மாறிக்கொள்ளலாம். இரண்டாம் தவணையைக் கட்டாமலிருப்பது விலகல் ஆகாது.
>
> ஜூன் 3க்குள் 8 பேர் சேராவிட்டால் இந்த பேட்ச் நடக்காது. கட்டிய அனைவருக்கும் கேட்காமலேயே முழுப் பணமும் அனுப்பப்படும். நாங்கள் ரத்துசெய்யும் வகுப்பு ஜூலை 19க்குள் ஈடுசெய்யப்படும்.

கடைசிப் பத்தியைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். மாணவர் விலகினால் என்ன என்று பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள், நடத்துபவர் விலகினால் என்ன என்று ஒரு வரியும் இருக்காது. 'கட்டிய தொகை' என்ற சொல்லும் காரணமாகத்தான் இருக்கிறது. சலுகையில் 80க்குச் சேர்ந்தவர் 100 கேட்கக் கூடாது, முதல் தவணை மட்டும் கட்டியவருக்கு 60தான் திரும்பும் என்ற இரண்டையும் அது சொல்லிவிடுகிறது.

வெளியிடுவதற்கு முன் இதைத் துறைக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் கொடுத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "மே 16இல் 60 கட்டினீர்கள். ஜூன் 7 வகுப்பு பிடிக்கவில்லை. எவ்வளவு வரும், எப்போதுக்குள் கேட்க வேண்டும்?" அவர் உங்களைத் திருப்பி ஏதாவது கேட்டால், அந்தக் கேள்விக்கான பதிலை வாசகத்தில் சேர்த்துவிட்டுச் சேர்க்கையைத் திறக்கலாம்.