மஞ்சள் டேப் சுற்றிய மட்டை: ஒரு பெட்டி திருவொற்றியூர் வந்து சேர்ந்த கதை

மீனம்பாக்கத்தில் விடிகாலை நாலே காலுக்கு இறங்கினேன். ஐந்தரைக்கு பெட்டிகள் வரும் பெல்ட் நின்றுவிட்டது. டிராலியைப் பிடித்துக்கொண்டு ஏழெட்டுப் பேர் இன்னும் நிற்கிறோம். டப்ளினில் ஏறி, நடுவில் வளைகுடாவில் விமானம் மாறி வந்தவன் நான். முதல் விமானம் தாமதம். மாறுவதற்குக் கிடைத்தது ஐம்பது நிமிடம். நான் ஓடிப்போய் ஏறிவிட்டேன், பெட்டியால் ஓட முடியவில்லை.

பக்கத்தில் நின்ற ஒரு தம்பி, "வீட்டுக்குப் போயி போன்ல சொல்லிக்கலாம் சார்" என்று கிளம்பிவிட்டார். அதை மட்டும் செய்யாதீர்கள். கஸ்டம்ஸைத் தாண்டி வெளியே வந்துவிட்டால் திரும்ப உள்ளே நுழைவது பெரும்பாடு. பெட்டி வரவில்லை என்பதற்கான எழுத்தும் உள்ளே இருக்கும்போதே வாங்க வேண்டியது. பல விமானம் மாறி வந்தவர்களுக்கு யாரிடம் போவது என்ற குழப்பம் வரும். கடைசியாக யார் உங்களைச் சென்னையில் இறக்கினார்களோ, அவர்கள் கவுண்டர்தான். முதல் விமானத்துக்காரர்தான் தொலைத்தார் என்று தெரிந்தாலும் ஃபைல் திறப்பது இவர்கள் வேலை.

கவுண்டரில் இருந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். பாஸ்போர்ட், போர்டிங் பாஸ், அப்புறம் பெட்டி போடும்போது ஒட்டித் தந்த அந்தச் சின்ன ஸ்டிக்கர், மூன்றையும் கேட்டார். ஸ்டிக்கரில் பத்து இலக்க எண் இருக்கும். முதல் இலக்கத்தை விட்டால் அடுத்த மூன்றும் விமான நிறுவனத்தின் குறி, கடைசி ஆறும் உங்கள் பெட்டிக்கே உரியவை. டப்ளினில் அதை பாஸ்போர்ட் உறையின் பின்பக்கம் ஒட்டித் தந்திருந்தார்கள். வீட்டுக்குப் போனதும் கிழித்துப் போடுவது என் வழக்கம். இந்தத் தடவை பிழைத்தேன்.

பிறகு பி.ஐ.ஆர். எழுத ஆரம்பித்தோம். விமானத்துறையில் பிராப்பர்ட்டி இர்ரெகுலாரிட்டி ரிப்போர்ட் என்பார்கள். ஒரு அட்டையைக் காட்டி உங்கள் பெட்டி எது மாதிரி என்று கேட்டார். உலகம் முழுக்க ஒரே அட்டை: நிறத்துக்கு இரண்டெழுத்து, வடிவத்துக்கு ஓர் எண். என்னுடையது நீலம், `BU`. நான் "கருநீலம், கிட்டத்தட்ட கறுப்பு" என்று இழுத்தேன். "கறுப்புன்னா `BK`. அப்படிப் போட்டா கறுப்புப் பெட்டிங்களோடதான் சார் தேடும். வெளிச்சத்துல பாத்தா நீலமா தெரியுமா?" என்றார். நீலம் என்றேன். சக்கரம், இழுக்கும் கைப்பிடி, பூட்டு என்று அவர் கேட்டதெல்லாம் அந்த அட்டைக்குள்ளேயே வந்தது.

அடுத்த கேள்வி, உள்ளே என்ன இருக்கிறது என்பது. துணி, சாக்லேட், அம்மாவுக்கு மருந்து என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "எல்லார் பெட்டியிலயும் துணி, சாக்லேட்தான் சார். பெட்டி கைப்பிடியில டேக் இருக்கற வரைக்கும் அதுல இருக்கற இதே நம்பரை வச்சி எடுத்துடுவாங்க. டேக் பிஞ்சிபோச்சின்னா பெட்டியைத் தொறந்து, உள்ள இருக்கறத வச்சித்தான் கண்டுபிடிக்கணும். வேற யார் பெட்டியிலயும் இல்லாததா ஏதாச்சும் சொல்லுங்க."

யோசித்தேன். அக்கா மகனுக்கு ஒரு ஹர்லி மட்டை வாங்கி வைத்திருந்தேன். அயர்லாந்துக்காரர்கள் ஆடும் விளையாட்டு, அகன்ற தட்டையான நுனி உள்ள மரமட்டை, சிறுவர் அளவு. கைப்பிடியில் நானே மஞ்சள் டேப் சுற்றியிருந்தேன். அப்புறம் அம்மாவுக்கு முட்டிக்குப் போடும் பெல்ட் ஒரு ஜோடி. ஹர்லி என்றால் அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. "பேர் வேணாம் சார், பாத்தா எப்படி இருக்கும்?" என்று கேட்டு, மர மட்டை, மஞ்சள் டேப் என்று எழுதிக்கொண்டார். அந்தக் கேள்வியின் அருமை எனக்கு நான்கு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

முகவரியில்தான் வடசென்னை வேலையைக் காட்டியது. எங்கள் வீடு திருவொற்றியூர் தேரடி பக்கம். பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று, தெருப் பலகையில் வேறொன்று. இரண்டு எண்ணையும் எழுதச் சொல்லி, அடையாளமாகத் தேரடியையும் சேர்த்தேன். தொலைபேசி எண் கேட்டபோது வாய் தானாக அயர்லாந்து எண்ணைச் சொல்லிவிட்டது. ரோமிங் போடாத எண், இங்கே ஒலிக்கவே ஒலிக்காது. உடனே திருத்தி அக்கா எண்ணைக் கொடுத்தேன்.

கஸ்டம்ஸ் கையெழுத்து இன்னொரு விஷயம். வரி இல்லாமல் இவ்வளவு பொருள் கொண்டுவரலாம் என்று ஒரு சலுகை இருக்கிறதல்லவா, பெட்டி பின்னால் தனியாக வரும்போது நாம் அங்கே இருக்க மாட்டோம். அதனால் பெட்டி வரவில்லை என்ற சான்றில், சலுகையில் பாக்கி எவ்வளவு என்று குறித்து கஸ்டம்ஸ் அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். அந்த அம்மா சொல்லியிராவிட்டால் கஸ்டம்ஸில் காட்ட எதுவும் இல்லாதவர்கள் போகும் பச்சை வழியில் நான் நேராக நடந்து போயிருப்பேன்.

கையில் ஒரு தோள்பையோடு மெட்ரோ ஏறினேன். விமான நிலையத்திலிருந்து தேரடி வரை மாறாமல் ஒரே ரயில். இருபத்து மூன்று கிலோவை இழுத்துக்கொண்டு வந்திருந்தால் டாக்ஸிதான் பிடித்திருப்பேன். இந்த ஒரு லாபத்தை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

கவுண்டரில் தந்த ஃபைல் எண் `MAAXX12345` என்ற மாதிரி இருக்கும். முதல் மூன்றெழுத்து சென்னை, அடுத்த இரண்டு விமான நிறுவனம், பிறகு ஐந்து இலக்கம். வேர்ல்ட்ட்ரேசர் என்ற தேடும் ஏற்பாட்டில் அந்த எண்ணோடு குடும்பப் பெயரையும் கொடுத்தால் நிலவரம் தெரியும். என் பெயரைப் போட்டேன், அப்படி ஃபைலே இல்லை என்றது. திரும்பப் போட்டேன், அதே பதில். அக்கா எட்டிப் பார்த்து, "டேய், பாஸ்போர்ட்டுல அப்பா பேருதானடா பின்னாடி இருக்கு?" என்றாள். ஆமாம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? படிவத்தில் அப்பா பெயர்தான் அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும். அப்பா பெயரைப் போட்டதும் ஃபைல் திறந்தது. இனிஷியலோடு வாழ்கிற எல்லாரும் கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன்பே ஃபைலில் எந்தப் பெயர் ஏறியிருக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

முதல் நாள், "தேடிக்கொண்டிருக்கிறோம்". இரண்டாம் நாளும் அதே. கூட நின்ற ஐந்து பேருக்கு அடுத்த விமானத்திலேயே பெட்டி வந்துவிட்டதாக, வரிசையில் பழக்கமான ஒருவர் வாட்ஸ்அப்பில் சொன்னார். அப்போதுதான் சந்தேகம் வந்தது. விமானம் மாறும் அவசரத்தில் பின்தங்கிய பெட்டி என்றால் டேக் எண் ஸ்கேனரில் விழுந்து, அடுத்த விமானத்தில் தானாக ஏறிவிடும். ஒரே காரணத்துக்காகத் தங்கிய பெட்டிகளில் என்னுடையது மட்டும் வரவில்லை என்றால் டேக் போயிருக்க வேண்டும்.

தொலைபேசியில் யாரும் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் ரிப்போர்ட்டில் இருந்த மின்னஞ்சலுக்கு எழுதினேன். எங்கே பெட்டி என்று கேட்கவில்லை, அந்தக் கேள்விக்குத்தான் ஆயத்தமாக ஒரு பதில் வைத்திருக்கிறார்களே. ஃபைல் எண்ணைத் தலைப்பில் போட்டு, டேக் கழன்றிருக்கலாம், விமானம் மாறிய ஊரில் டேக் இல்லாமல் கிடக்கும் நீலப் பெட்டிகளில் பாருங்கள் என்று எழுதி, மட்டையின் படத்தை இணைத்தேன். படம் டப்ளினில் அக்கா மகனுக்குக் காட்ட எடுத்தது.

நான்காம் நாள் காலை அக்கா போன் அடித்தது. பெட்டி கிடைத்துவிட்டது. கைப்பிடியில் இருந்த டேக் எங்கேயோ மாட்டிக் கிழிந்திருக்கிறது. இப்படி உரியவர் தெரியாமல் கிடைக்கும் பெட்டிக்கு அந்த ஊரிலும் தனியாக ஒரு ஃபைல் போட்டு, நிறம், வடிவம், உள்ளே இருப்பதை எழுதி வைப்பார்கள். இந்தப் பக்கம் தொலைத்தவர் ஃபைல், அந்தப் பக்கம் கண்டெடுத்தவர் ஃபைல், இரண்டையும் கணினி பொருத்திப் பார்க்கும். அவர்கள் "ஹாக்கி மட்டை" என்று எழுதியிருந்தார்களாம். நான் ஹர்லி என்றே பிடிவாதம் பிடித்திருந்தால் அது ஹர்லியையே தேடிக்கொண்டிருந்திருக்கும். மட்டையும் மஞ்சள் டேப்பும் முட்டி பெல்ட்டும் ஒன்றாகச் சேர்ந்ததில் சிக்கியது.

சென்னை வந்த பிறகும் ஒரு நாள். கஸ்டம்ஸ் பார்த்து அனுப்ப வேண்டும். அடுத்த நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு டிரைவர் கூப்பிட்டார்: "அக்கா, எண்ணூர் ரோட்டுல கன்டெய்னர் லாரிங்க நிக்குது, நகரவே மாட்டேங்குது." எட்டரைக்கு மறுபடி: "புது நம்பர் வீட்ல வேற யாரோ இருக்காங்க." அக்கா பேசப் பேச நான் செருப்பை மாட்டிக்கொண்டு தேரடிக்கே போய் நின்றேன். பத்து மணிக்குப் பெட்டி இறங்கியது. பூட்டு அறுபட்டிருந்தது, மேலே சாக்பீஸ் குறி, கைப்பிடியில் அவசரம் என்று புது டேக். ஒரு சக்கரம் காணோம்.

சேதம் என்றால் பெட்டி கைக்கு வந்த ஏழு நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். தாமதத்தால் ஆன செலவுக்கு, பெட்டி வந்த நாளிலிருந்து 21 நாள். மான்ட்ரியல் உடன்படிக்கையில் இருப்பது இது, இந்தியாவும் சேர்ந்திருக்கிறது. பி.ஐ.ஆர். கொடுத்துவிட்டோமே என்று இருந்துவிடக் கூடாது. அது பெட்டி வரவில்லை என்ற தகவல்தான், பணம் கேட்கும் கடிதம் தனி. 21 நாள் ஆகியும் வராவிட்டால் தொலைந்ததாகவே கருதிக் கேட்கலாம். உச்சவரம்பு ஆளுக்கு 1,519 எஸ்.டி.ஆர். அது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு, ரூபாயில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் வரும். அவ்வளவும் தானாகக் கைக்கு வந்துவிடாது, நஷ்டத்தைக் காட்டும் அளவுக்குத்தான்.

நான் கேட்டது நான்கு நாள் மாற்றுத் துணிக்கும் சக்கரத்துக்கும் மட்டும். துணி வாங்கியது வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில். மூன்று கடையில் வாங்கினேன். ஒருவர் அச்சடித்த பில் தந்தார், இன்னொருவர் துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் கிறுக்கித் தந்தார், மூன்றாமவர் "பில்லா? எதுக்குண்ணா?" என்று சிரித்தார். மூன்றாமவரிடம் வாங்கியது நல்ல சட்டை, அதற்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை. அச்சடித்த பில்லுக்கு முழுத் தொகை கிடைத்தது. துண்டுச் சீட்டில் கடை பெயர், தேதி இரண்டும் இல்லை என்று கேட்டார்கள். திரும்பப் போய் ரப்பர் ஸ்டாம்ப் குத்தி வாங்கிவந்து கொடுத்தேன், பாதி ஏற்றார்கள். சக்கரத்துக்குப் பெட்டியைப் பழுது பார்க்கும் கடைக்கு அனுப்புகிறோம் என்று எழுதினார்கள். திரும்பும் நாள் நெருங்கிவிட்டதால் மின்ட் தெருப் பக்கம் ஒரு கடையில் நானே மாட்டிக்கொண்டேன்.

மட்டை இப்போது தேரடித் தெருவில் டென்னிஸ் பந்து கிரிக்கெட்டுக்குப் போய்விட்டது. மஞ்சள் டேப்பைப் பையன் முதல் நாளே உரித்துவிட்டான்.