வட்டி ஏறினால்: வீடும் வண்டியும் ஒரு பக்கம், முடிவெட்டு மறுபக்கம்

2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள், ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதம் 4 சதவீதத்திலிருந்து 6.5 ஆனது. வீடு தேடியவர்களில் சிலர் தயங்கினார்கள். சலூனில் யாரும் வட்டியைக் கேட்கவில்லை. வட்டி ஏறும்போது வீடு, வண்டி போன்ற பொருட்கள் அடிபடும் அளவுக்கு முடிவெட்டு போன்ற சேவைகள் ஏன் அடிபடுவதில்லை? காரணம் இரண்டு.

கடன்: வீட்டுக்கு 30 லட்சம், 20 வருடம் என்று வையுங்கள். 6.5 சதவீதத்தில் மாதத் தவணை சுமார் 22,370 ரூபாய். 9 சதவீதத்தில் சுமார் 26,990. வீடு அதேதான், மாதம் 4,600 கூடுதல். முடிவெட்டு, டியூஷன், பஸ் டிக்கெட் எல்லாம் பெரும்பாலும் கைக்காசு.

தள்ளிப்போடுதல்: இதுதான் பெரிய வித்தியாசம். பழைய பைக்குக்குச் செயினும் டயரும் மாற்றினால் இன்னும் ஒரு வருடம் ஓடும். புது பைக் விற்பனை குறைகிறது, மெக்கானிக்குக்கோ வேலை கூடுகிறது! பல்வலியை அப்படி ஒத்திவைக்க முடியாது. இந்த மாத முடிவெட்டைச் சேர்த்துவைத்து அடுத்த வருடம் அனுபவிக்கவும் முடியாது.

ஆனால் சேவையும் முழுக்கத் தப்பாது. மாறும் வட்டியில் ஏற்கெனவே கடன் வாங்கியவருக்குத் தவணை ஏறினால், முதலில் வெட்டுப்படுவது ஹோட்டல் சாப்பாடு.

சரி, எதைத் தள்ளலாம்? ஓடுகிற வண்டி இருந்தால் புது வண்டியை. பல் டாக்டரை வேண்டாம்.