மலத்தில் ரத்தம்: மூலமா, வேறு ஏதாவதா?

மலத்தில் ரத்தத்தைப் பார்த்தவர்கள் முதலில் நிறத்தைத்தான் கவனிக்கிறார்கள். "நல்ல சிவப்பாத்தான் இருக்கு, அப்போ மூலம்தான்" என்று சொல்லிக்கொண்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆனால் ரத்தம் எவ்வளவு உயரத்திலிருந்து வருகிறது என்பதைத்தான் நிறம் ஓரளவு காட்டும். எதனால் வருகிறது என்பதைக் காட்டாது. ஆசனவாய்க்கு அருகில் எது கசிந்தாலும் சிவப்பாகத்தான் இருக்கும். அது மூலமாகவும் இருக்கலாம், மலக்குடலில் வளரும் கட்டியாகவும் இருக்கலாம்.

அடுத்த தவறான ஆறுதல், வலி இல்லாதது. உள்மூலம் இருக்கும் இடத்தில் வலியை உணரும் நரம்புகள் கிட்டத்தட்ட இல்லை. அதனால்தான் வலியே இல்லாமல் ரத்தம் சொட்டுகிறது. மலக்குடல் புற்றுநோயும் தொடக்கத்தில் வலிக்காமல் கசிவது அதே காரணத்தால்தான். நன்றாக வலித்தால் முதலில் நினைக்க வேண்டியது ஆசனவாய் வெடிப்பை, அதாவது ஃபிஷரை. மலம் வெளியேறும்போது கீறிக் கிழிப்பதுபோல் வலிக்கும், முடிந்த பிறகும் சில நேரம் மணிக்கணக்கில் எரியும், ரத்தம் ஒரு கோடு அளவுக்குத்தான் இருக்கும். திடீரென்று ஒரு கட்டி தட்டுப்பட்டு, உட்காரவே முடியாமல் வலித்தால் அது ரத்தம் உறைந்த வெளிமூலமாக இருக்கலாம். இவை இரண்டும் ஆளைப் படுத்தி எடுக்கும். ஆனால் மருத்துவரை அதிகம் கவலைப்பட வைப்பவை இவை அல்ல.

அப்படியானால் எதை வைத்துப் பிரிப்பது? ரத்தம் எங்கே ஒட்டியிருக்கிறது என்பது நிறத்தைவிட நல்ல துப்பு. மூலத்தில் மலம் தன் நிறத்திலேயே இருக்கும், ரத்தம் அதன் மேல் பூசினாற்போல் படிந்திருக்கும். அல்லது மலம் போய் முடிந்த பிறகு சொட்டுச் சொட்டாக விழும். கழுவும்போது கையில், துடைத்தால் டிஷ்யூவில் தெரியும். முக்கிப் போன நாளில் வரும், மலம் இளகிய நாளில் நின்றுவிடும். கட்டியோ குடல் அழற்சியோ இருந்தால் ரத்தம் மலத்தோடு கலந்து வருவது அதிகம். பெரும்பாலும் சளியும் சேர்ந்து வரும். சில நேரம் மலமே இல்லாமல் சளியும் ரத்தமும் மட்டும் வரும். மலச்சிக்கல் இருக்கிறதா இல்லையா என்று பார்த்து அது வருவதில்லை. இதிலும் விதிவிலக்கு உண்டு: ஆசனவாய்க்கு மிக அருகில் இருக்கும் கட்டி, மூலம் மாதிரியே மேலே பூசிவிட்டுப் போகும்.

மூன்றாவது துப்புதான் கனமானது: ரத்தத்தோடு வேறு என்ன மாறியிருக்கிறது? மூலம் பொதுவாக ஒருவரின் மலம் கழிக்கும் பழக்கத்தை மாற்றுவதில்லை. காலையில் ஒரு முறை போய்வந்தவர் வாரக்கணக்கில் மூன்று நான்கு முறை போகிறார், போய்வந்த பிறகும் இன்னும் மிச்சம் இருப்பதுபோலவே தோன்றுகிறது, காரணமில்லாமல் எடை குறைகிறது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றால், கதையை மூலத்தோடு முடித்துவிடக் கூடாது.

ஒரு கற்பனை நோயாளியை எடுத்துக்கொள்வோம். வயது 47. பத்து வருடமாக மூலம் உள்ளவர். மருத்துவரிடம் போய், "பழைய பைல்ஸ் திரும்ப வந்துடுச்சு டாக்டர், ரத்தம் வருது" என்கிறார். மருத்துவர் ஆசனவாய்க்குள் வைத்துப் பார்க்கும் சிறு குழாயான ப்ராக்டோஸ்கோப் வைத்துப் பார்க்கிறார். உள்மூலம் இருக்கிறது. நார்ச்சத்துப் பொடியும் களிம்பும் எழுதித் தருகிறார். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் ப்ராக்டோஸ்கோப் காட்டுவது கடைசிச் சில சென்டிமீட்டர்களை மட்டுமே. பெருங்குடலோ சுமார் ஒன்றரை மீட்டர் நீளம். மூலம் கண்ணில் பட்டது என்பதால், ரத்தம் அங்கிருந்துதான் வந்தது என்றாகிவிடாது. மூலம் அவ்வளவு சாதாரணமானது, வேறு நோய் உள்ளவர்களுக்கும் கூடவே இருக்கும்.

ஒரு மாதம் கழித்து அதே ஆள் வேறு விதமாகச் சொல்கிறார்: "முன்னெல்லாம் முக்கினா மட்டும் கடைசியில சொட்டும். இப்போ ரெண்டு மாசமா மலத்தோட கலந்து, சளியோட வருது. ஒரு நாளைக்கு நாலு தடவை போறேன், போனாலும் போன மாதிரி இல்லை. பெல்ட்டுல ஒரு ஓட்டை உள்ளே போயிருக்கு." இப்போது மருத்துவர் ரத்தப் பரிசோதனை எழுதுகிறார். ஹீமோகுளோபின் 10.2, ஆண்களுக்கு 13க்குக் கீழே போனாலே ரத்தசோகை. இரும்புச்சத்து இருப்பும் குறைந்திருக்கிறது. மூலம் அரிதாக இந்த அளவுக்குக் கொண்டுபோகும். ஆனால் மற்றதைப் பார்க்காமல் பழியை அதன்மேல் போடக் கூடாது. பெருங்குடல் முழுவதையும் கேமராக் குழாயால் பார்க்கும் கொலோனோஸ்கோபியில், ஆசனவாயிலிருந்து 14 செ.மீ. உயரத்தில் ஒரு கட்டி தெரிகிறது. விரலும் ப்ராக்டோஸ்கோப்பும் எட்டாத இடம். முதல் நாளே அவர் நோயின் பெயரைச் சொல்லாமல், பார்த்ததைச் சொல்லியிருந்தால் அந்த ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும்.

மருத்துவரிடம் பேசும் முறைக்கும் அதுதான் அடிப்படை. "பைல்ஸ்" என்று தொடங்காதீர்கள். கண்ணில் பட்டதில் தொடங்குங்கள். எப்போது தொடங்கியது, எத்தனை முறைக்கு ஒரு முறை வருகிறது, ரத்தம் மேலே பூசியிருந்ததா, கலந்திருந்ததா, கடைசியில் சொட்டியதா என்று சொல்லுங்கள். அளவைச் சொல்லும்போது மட்டும் கவனம். சில சொட்டுகளே கழிப்பறைத் தண்ணீர் முழுவதையும் சிவப்பாக்கிவிடும், அதனால் "நிறைய ரத்தம்" என்ற சொல்லால் பயனில்லை. சில சொட்டா, ஒரு ஸ்பூனா, கட்டி கட்டியாகவா என்று பிரித்துச் சொல்லலாம். கூச்சமாக இருந்தால் கைபேசியில் ஒரு படம் எடுத்துப் போவது எளிது. இதைப் பார்த்து முகம் சுளிக்கும் மருத்துவர் அபூர்வம். ஆஸ்பிரின், ரத்தத்தை இளக்கும் மாத்திரைகள், அடிக்கடி எடுக்கும் வலி மாத்திரைகள் இருந்தால் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களில் யாருக்காவது குடல் புற்றுநோய் வந்ததா, எந்த வயதில் என்பதும் வேண்டும். வயது குறைவு என்பதை மட்டும் வைத்து யாரும் உங்களைச் சமாதானப்படுத்த விடாதீர்கள். 50 வயதுக்குக் கீழே இந்த நோய் பல நாடுகளில் கூடிவருகிறது.

கருப்பு நிறம் தனிக் கதை. தார்போல் பளபளப்பாக, பிசுபிசுப்பாக, வழக்கத்தைவிட மோசமான நாற்றத்தோடு போனால் அது இரைப்பையிலோ சிறுகுடலின் தொடக்கத்திலோ கசிந்து, செரித்து வந்த ரத்தமாக இருக்கலாம். மூலம் இப்படி வராது. இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கருப்பாக்கும். ஆனால் அந்தப் பிசுபிசுப்பும் நாற்றமும் இருக்காது. தார்போல் போனாலோ, ரத்தம் நிற்காமல் கட்டி கட்டியாக வந்தாலோ, எழுந்து நிற்கும்போது தலை சுற்றினாலோ நாளைக் கடத்தாமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

மூலம் என்றே முடிவாகி மருந்தோடு கிளம்பினாலும் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு வாருங்கள்: "இந்த ரத்தம் எத்தனை வாரத்தில் நிற்கணும், நிக்கலைன்னா அடுத்து என்ன பரிசோதனை?"