150 ரூபாய யாருக்குக் குடுக்கலாம்? ஹெட்கவுண்ட், பாவர்ட்டி கேப், ஸ்குவேர்டு கேப் ஒரு அலசல்

வறுமைய அளக்கற இந்த மூணு அளவையும் ஒரு உதாரணத்துல பாக்கலாம், பத்து பேர்னு வச்சுக்கோங்க. வறுமைக் கோடு தலைக்கு மாசம் 1000 ரூபாய் (டெண்டுல்கர் கமிட்டி முறைல 2011-12 நகர்ப்புறத்துக்கு வந்த அதே கோடுதான், அது செலவுக் கணக்குக்குப் போட்டது, நாம இங்க வருமானத்துக்கு எடுத்துக்கலாம்). நாலு பேர் கோட்டுக்குக் கீழ: 400, 600, 900, 950. மத்த ஆறு பேரும் மேல.

ஹெட்கவுண்ட் 4/10, அதாவது 40%. கேப்புக்கு, ஒவ்வொருத்தருக்கும் எவ்ளோ குறையுதோ அத 1000ஆல வகுக்கணும்: 0.6, 0.4, 0.1, 0.05. கூட்டுனா 1.15, அத பத்தால வகுத்தா 0.115. நிறைய பேர் இங்க நாலால வகுத்துடறாங்க, அப்படி இல்ல, ஏழை இல்லாதவங்களும் பூஜ்யமா கணக்குல உண்டு. ஸ்குவேர்டு கேப்புக்கு அதே நாலையும் வர்க்கப்படுத்தி பத்தால வகுத்தா 0.053.

இப்போ கைல 150 ரூபாய் இருக்கு. 900க்கு 100, 950க்கு 50 குடுத்தா ரெண்டு பேரும் கோட்டத் தொட்டுடுவாங்க, ஹெட்கவுண்ட் பாதியாகி 20%. மொத்தத்தையும் 400 ரூபாய்காரருக்குக் குடுத்தா ஹெட்கவுண்ட் 40%லயே நிக்கும். கேப் ரெண்டு வழிலயும் 0.10தான், அதுக்கு யார்கிட்ட போச்சுங்கறது பிரச்சனையே இல்ல. ஸ்குவேர்டு கேப் மட்டும் முதல் வழில 0.052, ரெண்டாவதுல 0.0375னு நல்லா இறங்குது.

இன்னும் மோசமா ஒண்ணு பாருங்க: 400 ரூபாய்காரர்கிட்ட இருந்து 50 புடுங்கி 950க்குக் குடுத்தா ஹெட்கவுண்ட் 30%னு "முன்னேற்றம்" காட்டும், கேப் அசையாது, ஸ்குவேர்டு மட்டும் 0.059க்கு ஏறி மாட்டிக் குடுக்கும். 1976லயே அமர்த்தியா சென் ஹெட்கவுண்ட இந்த மாதிரி விஷயத்துக்குத்தான் விமர்சிச்சார், 1984ல ஃபாஸ்டர், க்ரீர், தோர்பெக் மூணு பேரும் இந்த மூணு அளவையும் ஒரே ஃபார்முலாவுக்குள்ள கொண்டு வந்தாங்க.

அதுக்காக கேப் வேஸ்ட் இல்ல, பட்ஜெட் போட அதுதான் வேணும்: 0.115 × 1000 × 10 = 1150 ரூபாய், யாருக்கு எவ்ளோ குறையுதுன்னு துல்லியமா தெரிஞ்சா இவ்ளோ இருந்தா எல்லாரும் கோட்டத் தொடலாம். ஸ்குவேர்டு நம்பர வச்சு அப்படி ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா ரெண்டு திட்டத்துல எது நல்லதுன்னு கேட்டா என் ஓட்டு ஸ்குவேர்டுக்குத்தான்.

அதுக்கும் ஒரு சிக்கல் இருக்கு. வருமான டேட்டால நஷ்டப்பட்ட விவசாயி -2000னு வருவார், அவர் குறை 3, வர்க்கம் 9, அந்த ஒரே ஆள் மொத்த நம்பரையும் தூக்கிடுவார். ரிசல்ட்ல ஸ்குவேர்டு கேப் சாதா கேப்ப விட பெருசா வந்தா சந்தேகமே வேண்டாம், உள்ள மைனஸ் வருமானம் இருக்கு. அத பூஜ்யமாக்குனாலும் அவர் பரம ஏழையாத்தான் தெரிவார், ஆனா அந்த வருஷம் சேமிப்ப எடுத்து நல்லாவே செலவு பண்ணிருக்கலாம். இந்தியால வறுமைக் கணக்குக்கு செலவு டேட்டாவ எடுக்கறதுக்கு இதுவும் ஒரு காரணம்.